ஒரு டேப்லெட்டில் இரண்டு செயலிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தொழில் மெய்ப்புத் திருத்துவது. ஆசிரியர் தந்த மூலப்படி ஒரு பக்கம், அச்சுக்குத் தயாரான பி.டி.எஃப். மறுபக்கம். இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். முன்பெல்லாம் மேசை முழுக்கத் தாள்கட்டுகளைப் பரப்பி வைத்திருப்பேன். இப்போது 11 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்றிலேயே வேலை முடிந்துவிடுகிறது. இதைப் பார்த்துவிட்டு உடன் வேலை செய்பவர்களும் உறவினர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மெனுப் பெயர்களைத் திரையில் ஆங்கிலத்தில் வருகிறபடியே தந்திருக்கிறேன். உங்கள் டேப்லெட்டின் மொழியைத் தமிழுக்கு மாற்றியிருந்தால் அதே இடத்தில் தமிழ்ப் பெயர் இருக்கும்.

இரண்டு செயலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க, முதலில் எதைத் தொட வேண்டும்?

முதல் செயலியைத் திறந்துகொள்ளுங்கள். திரையின் அடியிலிருந்து விரலை மேலே இழுத்து, பாதி வழியில் ஒரு கணம் நிறுத்தினால், அண்மையில் திறந்த செயலிகள் அட்டை அட்டையாக வரிசையில் நிற்கும். ஒவ்வோர் அட்டையின் தலையிலும் அந்தச் செயலியின் சிறிய ஐகான் இருக்கும். அதைத் தொட்டால் ஒரு மெனு விரியும். அதில் `Split screen` என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாம்சங் கருவிகளில் `Open in split screen view` என்று இருக்கும். முதல் செயலி ஓரமாக ஒதுங்கி நிற்க, இரண்டாவது செயலியின் அட்டையைத் தொட்டால் இரண்டும் ஆளுக்குப் பாதியாக அமர்ந்துகொள்ளும்.

பலர் அட்டையையே அழுத்திப் பிடித்துப் பார்த்துவிட்டு, தங்கள் கருவியில் இந்த வசதி இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தொட வேண்டியது அட்டையை அல்ல, அதன் தலையில் உள்ள ஐகானை. 2016இல் ஆண்ட்ராய்டு 7.0 இந்த வசதியைக் கொண்டுவந்தபோது, கீழே இருந்த சதுரப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும். ஆண்ட்ராய்டு 9 அதை மாற்றி, ஐகான் மெனுவுக்குள் கொண்டுபோய் வைத்தது. பழைய பழக்கத்திலேயே தேடுகிறவர்களுக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான்.

டேப்லெட்டில் இதைவிடச் சுருக்கமான வழி உண்டு என்கிறார்களே?

உண்டு. திரையின் அடியில் செயலி ஐகான்கள் வரிசையாக நிற்கும் பட்டைதான் டாஸ்க்பார். அது இருந்தால் அட்டைகளுக்குப் போகவே தேவையில்லை. என் காலை வேலையைச் சொல்கிறேன். பி.டி.எஃப். முழுத்திரையில் திறந்திருக்கிறது. கீழ் விளிம்பிலிருந்து விரலைச் சிறிதளவு, ஏறத்தாழ ஓர் அங்குலம், மேலே இழுத்து விடுகிறேன். அந்தப் பட்டை எழுந்து வருகிறது. மூலப்படி இருக்கும் `Docs` ஐகானை அழுத்திப் பிடித்து, அது விரலோடு ஒட்டிக்கொண்டதும் வலது ஓரத்துக்கு இழுக்கிறேன். வலப்பாதி நிறம் மாறிக் காட்டும்போது விரலை எடுத்தால் வேலை முடிந்தது.

இங்கே கைப்பழக்கம் இரண்டு இடங்களில் தேவை. விரலை அதிகமாக மேலே இழுத்தால் பட்டை வருவதற்குப் பதிலாக முகப்புத் திரை வந்துவிடும். குறுகிய, நிதானமான இழுப்பே சரி. அடுத்து, ஐகானை அழுத்தியவுடன் ஒரு சிறு மெனு தோன்றலாம். அதைக் கண்டு விரலை எடுத்துவிடக் கூடாது. எடுக்காமல் இழுத்தால் மெனு தானாக மறையும். தேடும் செயலி பட்டையில் இல்லாவிட்டால், பட்டையில் உள்ள எல்லாச் செயலிகளுக்குமான புள்ளிக் கட்ட ஐகானைத் தொட்டு, அங்கிருந்தே இழுத்துவிடலாம்.

டாஸ்க்பார் வந்தவுடனே மறைந்துவிடுகிறது. அப்படியே நிற்க வைக்க முடியாதா?

முடியும். கூகுளின் பிக்சல் டேப்லெட்டில், பட்டையில் ஐகான்களுக்கு நடுவே நிற்கும் மெல்லிய செங்குத்துக் கோட்டை அழுத்திப் பிடித்தால் `Always show taskbar` என்ற சுவிட்ச் வரும். சாம்சங்கில் `Settings` → `Display` → `Taskbar` என்று போய்ப் பாருங்கள். சைகைகளுக்குப் பதிலாக மூன்று பொத்தான்கள் கொண்ட வழிசெலுத்தலைத் தேர்ந்தெடுத்தாலும் பட்டை நிலையாக நின்றுவிடும். ஒப்பிட்டுப் படிக்கும் நேரத்தில் நான் அதை மறையவே விடுகிறேன். அடியில் இரண்டு வரி கூடுதலாகத் தெரிவது எனக்குப் பெரிது.

என் டேப்லெட்டில் டாஸ்க்பார் வரவே இல்லை. நேற்று வரை இருந்தது என்று நன்றாக நினைவிருக்கிறது. என்ன ஆனது?

என் அம்மாவின் 8 அங்குல டேப்லெட்டில் இதே கதைதான் நடந்தது. ஒரு மாலை முழுக்கத் தேடிய பிறகு காரணம் கிடைத்தது. எழுத்து சிறிதாகத் தெரிகிறது என்று அம்மா `Display size` அளவை ஒரு படி கூட்டியிருந்தார்.

ஆண்ட்ராய்டு திரையை அங்குலத்தில் அளப்பதில்லை. `dp` என்ற அலகில் அளக்கிறது. கணக்கு எளியது. திரையின் பிக்சல் எண்ணிக்கையை 160ஆல் பெருக்கி, அந்தக் கருவிக்கு வகுத்திருக்கும் அடர்த்தி எண்ணால் வகுக்க வேண்டும்.

```
dp = px × 160 ÷ dpi
```

திரையின் குறுகிய பக்கம் 600 `dp` அல்லது அதற்கு மேல் இருந்தால் கருவியைப் பெரிய திரையாக ஆண்ட்ராய்டு எடுத்துக்கொள்ளும். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 12எல் கொண்டுவந்த டாஸ்க்பார் அப்படிப்பட்ட திரைக்கே உரியது. அதற்குக் கீழே என்றால், கையில் இருப்பது டேப்லெட்டே ஆனாலும் கைப்பேசி போல நடத்தும்.

அம்மாவின் டேப்லெட்டில் குறுகிய பக்கம் 800 பிக்சல், அடர்த்தி 213. கணக்குப் போட்டால் 601 `dp` வருகிறது. எல்லைக் கோட்டுக்கு ஒரே ஒரு புள்ளி மேலே. `Display size` அளவைக் கூட்டுவது என்பது உள்ளே அந்த அடர்த்தி எண்ணைக் கூட்டுவதுதான். 213 என்பது 240 ஆனால் 533 `dp` மட்டுமே மிஞ்சும். பட்டை மறைந்ததில் வியப்பில்லை. அளவைப் பழையபடி குறைத்ததும் பட்டை திரும்பி வந்தது. எழுத்தைப் பெரிதாக்க `Font size` என்ற தனி அமைப்பு இருக்கிறது. அது எழுத்தை மட்டும் வளர்க்கும், திரையின் `dp` கணக்கில் கைவைக்காது. இப்போது அம்மாவுக்கு எழுத்தும் பெரிது, பட்டையும் உண்டு.

உங்கள் கருவியின் எண்ணை நேரே பார்க்க வேண்டுமானால், `Settings` → `About tablet` பகுதியில் `Build number` என்பதை ஏழு முறை தொடுங்கள். சாம்சங்கில் அது `Software information` என்ற பகுதிக்குள் இருக்கும். அதன் பின் திறக்கும் `Developer options` பட்டியலில் `Smallest width` அல்லது `Minimum width` என்ற வரியில் எண் தெரியும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அங்கே எண்ணை மாற்றினால் திரையின் எல்லா அளவும் மாறிவிடும்.

முழுத்திரையில் அழகாக இரண்டு பத்தியாக இருந்த ஜிமெயில், பாதித் திரைக்குப் போனதும் கைப்பேசியில் இருப்பதுபோல ஆகிவிட்டது. பழுதா?

பழுது இல்லை, மேலே சொன்ன அதே கணக்கு. செயலி தனக்குக் கிடைத்த இடத்தை மட்டுமே பார்க்கிறது. அது 840 `dp` அகலத்துக்கு மேல் என்றால் தாராளமான இடம், 600க்குக் கீழே என்றால் கைப்பேசி அகலம், இடைப்பட்டது நடுத்தரம். ஆண்ட்ராய்டு செயலி எழுதுகிறவர்களுக்குக் கூகுள் வகுத்துத் தந்திருக்கும் எல்லைகள் இவை.

பிக்சல் டேப்லெட்டை எடுத்துக்கொள்வோம். திரை 2560 × 1600 பிக்சல், அடர்த்தி 320. எனவே கிடைமட்டமாகப் பிடித்தால் அகலம் 1280 `dp`, உயரம் 800 `dp`. சரிபாதியாகப் பிரித்தால், நடுக்கோடு போக ஆளுக்கு ஏறத்தாழ 630. இது நடுத்தரம். பல செயலிகள் இந்த அகலத்தில் இரண்டு பத்தியைக் கைவிட்டு ஒன்றாக்கிக்கொள்ளும். நடுக்கோட்டைப் பிடித்து இழுத்து ஒன்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு, மற்றதற்கு மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால், பெரியது 850ஐ ஒட்டி வந்து தாராளமான இடத்துக்குள் போய்விடும். சிறியது கைப்பேசி அகலத்துக்கு இறங்கும்.

இதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் படிந்தது. அச்சுப் பக்கத்தின் அமைப்பு மாறக் கூடாது என்பதால் பி.டி.எஃப். எப்போதும் பெரிய பங்கில். மூலப்படி ஒற்றைப் பத்தியாக ஓடும் உரை, அது கைப்பேசி அகலத்திலும் படிக்க இதமாகவே இருக்கிறது. சரிபாதி என்பது பார்க்க ஒழுங்காகத் தோன்றினாலும், இரண்டு பக்கமும் அரைகுறையாக அமைவது சரிபாதியில்தான் அதிகம். நடுக்கோட்டைத் திரையின் விளிம்பு வரை இழுத்துவிட்டால் ஒரு செயலி மூடி, மற்றது முழுத்திரையாகும்.

தினமும் காலையில் இந்த இரண்டையும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கிறதே?

ஜோடியாகச் சேமித்து வைக்கலாம். ஆண்ட்ராய்டு 15 உள்ள பிக்சல் டேப்லெட்டில், பிரித்த திரையை விட்டு அட்டைகளுக்குப் போங்கள். இரண்டு செயலிகளும் ஒரே அட்டையாக நிற்கும். அதன் ஐகானைத் தொட்டால் மெனுவில் `Save app pair` இருக்கும். ஜோடிக்கான ஐகான் ஒன்று முகப்புத் திரைக்கு வரும். சாம்சங்கில் இந்த வசதி அதற்கு முன்பிருந்தே உண்டு. நடுக்கோட்டின் மையப் புள்ளிகளைத் தொட்டு, நட்சத்திர ஐகானைத் தேர்ந்தெடுத்தால் எங்கே வைப்பது என்று கேட்கும்.

ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். ஜோடி என்பது செயலிகளின் ஜோடி மட்டுமே. எந்தக் கோப்பு, எந்தப் பக்கம் என்பதை அது சேமிப்பதில்லை. அது அந்தந்தச் செயலி தன் கடைசி நிலையை நினைவில் வைத்திருப்பதைப் பொறுத்தது.

விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். சான்றிதழைப் பார்க்கத் திரையைப் பிரித்தேன். நிரப்பியதெல்லாம் போய்விட்டது. ஏன்?

செயலியின் சாளர அளவு மாறும்போது, ஆண்ட்ராய்டு வழக்கமாக அந்தத் திரையை அழித்துப் புதிய அளவில் மீண்டும் உருவாக்குகிறது. டேப்லெட்டைத் திருப்பிப் பிடிக்கும்போதும் நடப்பது இதுவே. நன்றாக எழுதப்பட்ட செயலி, அழியும் முன் நீங்கள் தட்டச்சிட்டதைச் சேமித்து, புதிய திரையில் திருப்பி வைக்கும். அந்தக் கவனம் இல்லாத செயலியில் கட்டங்கள் வெறுமையாகிவிடும். நானும் ஒரு பதிவுப் படிவத்தில் மூன்று பக்கம் நிரப்பிய பிறகு இப்படி இழந்திருக்கிறேன்.

எனவே வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் திரையைப் பிரியுங்கள், நடுக்கோட்டை வேண்டிய இடத்தில் நிறுத்துங்கள், டேப்லெட் திரும்பாதபடி `Auto-rotate` வசதியை அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகே முதல் கட்டத்தில் கைவையுங்கள். செயலிக்குப் பதில் இணையதளமாகவும் அந்தப் படிவம் கிடைக்குமானால், குரோமில் திறந்து நிரப்புவது பாதுகாப்பானது. அளவு மாறினால் குரோம் பக்கத்தை வழக்கமாக மீண்டும் ஏற்றுவதில்லை, இடத்துக்கேற்ப மடக்கிக்கொள்ளும்.

மிதக்கும் சாளரம் எதற்கு? இரண்டு பாதி போதாதா?

எப்போதாவது பத்து விநாடி மட்டும் தேவைப்படும் செயலிக்கு அது. எனக்கு அகராதி. ஒரு சொல்லில் வல்லின ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துவிட்டு உடனே மூட வேண்டும். அதற்காக இரண்டு பாதிகளையும் கலைக்க மனம் வராது.

சாம்சங்கில் அட்டையின் ஐகானைத் தொட்டு `Open in pop-up view` என்று கொடுத்தால், செயலி மற்றவற்றின் மேல் ஒரு சிறிய சாளரமாக மிதக்கும். மேல் விளிம்பில் உள்ள கைப்பிடியைப் பிடித்து நகர்த்தலாம், மூலையைப் பிடித்து அளவை மாற்றலாம். கைப்பிடியைத் தொட்டால் வரும் ஐகான்களில் ஒன்று அதைச் சிறிய வட்டமாகச் சுருக்கும். அகராதியை இப்படி வட்டமாக்கி ஓரத்தில் வைத்திருக்கிறேன். சொல் வந்ததும் தொடுகிறேன், பார்க்கிறேன், மீண்டும் சுருக்குகிறேன். ஷாவ்மி போன்ற வேறு சில நிறுவனங்களின் கருவிகளிலும் இதற்கு இணையான வசதி அட்டை மெனுவிலேயே கிடைக்கிறது.

கூகுள் நேரடியாகத் தரும் ஆண்ட்ராய்டில் நிலைமை வேறு. அங்கே இது நீண்ட காலம் `Developer options` பட்டியலில் `Enable freeform windows` என்ற சோதனை வசதியாகவே இருந்து வந்தது. டேப்லெட்டில் கணினி போலச் சாளரங்களை அடுக்கும் முறையைக் கூகுள் 2024 செப்டம்பரில்தான் பிக்சல் டேப்லெட்டுக்கு முன்னோட்டமாக வெளியிட்டது. சோதனை வசதியை அன்றாட வேலைக்கு நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. சில செயலிகள் அதில் அளவு குலைந்து நிற்கும்.

வீடியோவைச் சிறு சதுரமாக ஓரத்தில் ஓட விடுவதும் இதுவும் ஒன்றல்ல. அது ஆண்ட்ராய்டு 8.0இல் வந்த வேறு ஏற்பாடு. அந்தச் சதுரத்தில் தட்டச்சு செய்யவோ பக்கம் நகர்த்தவோ முடியாது.

தட்டச்சு செய்யத் தொடங்கினால் விசைப்பலகை பாதித் திரையை விழுங்கிவிடுகிறது. என்ன செய்வது?

டேப்லெட்டைக் கிடைமட்டமாகப் பிடித்திருந்தால் விசைப்பலகை இரண்டு செயலிகளின் அடியையும் சேர்த்து மூடுகிறது. நெடுக்காகப் பிடித்தால் இன்னும் மோசம். மேலும் கீழுமாகப் பிரிந்த திரையில் கீழ்ச் செயலி முழுவதும் அதற்கு அடியில் போய்விடக்கூடும். ஜிபோர்டில் மெனு ஐகானைத் தொட்டு `Floating` என்று மாற்றினால் விசைப்பலகை சிறியதாகி, விரும்பிய இடத்துக்கு இழுத்து வைக்கும்படி ஆகும். சாம்சங் விசைப்பலகையிலும் இது உண்டு. ஆனால் தமிழில் எழுத்துகள் அதிகம். சுருங்கிய விசைகளில் ல, ள, ழ மூன்றையும் தவறாமல் தட்டுவது எளிதல்ல. இரண்டு சொல் திருத்தத்துக்கு மிதக்கும் விசைப்பலகை போதும். பத்தி பத்தியாக எழுதுவதானால் புளூடூத் விசைப்பலகை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், திரை முழுவதும் உங்களுக்கே மிஞ்சும்.

ஒரே செயலியை இரண்டு பாதியிலும் திறக்க முடியுமா?

செயலியைப் பொறுத்தது. டேப்லெட்டில் குரோமின் மூன்று புள்ளி மெனுவில் `New window` இருக்கிறது, அதனால் இரண்டு இணையப் பக்கங்களை ஒப்பிடுவது எளிது. இரண்டு பி.டி.எஃப். வேண்டும், உங்கள் பி.டி.எஃப். செயலியோ இரண்டாவது சாளரம் தரவில்லை என்றால், இரண்டாவது கோப்பை வேறொரு பி.டி.எஃப். செயலியில் திறந்துகொள்ளுங்கள். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிட நான் செய்வது இதுதான்.

ஒரு பாதியில் வகுப்பு வீடியோ, மறுபாதியில் குறிப்பு. குறிப்பைத் தொட்டால் வீடியோ நின்றுவிடுகிறதே?

பழைய ஆண்ட்ராய்டு என்றால் அது எதிர்பார்க்க வேண்டியதே. கடைசியாகத் தொட்ட செயலி மட்டும் முழு விழிப்பில் இருக்கும், மற்றது இடைநிறுத்தப்படும். ஆண்ட்ராய்டு 10 முதல், கண்ணுக்குத் தெரியும் செயலிகள் எல்லாம் விழித்திருக்க வழி வந்தது. அதற்குப் பிறகும் நிற்கிறது என்றால், மறுபாதியில் உள்ள செயலி ஏதேனும் ஒலியைத் தொடங்கியதா என்று பாருங்கள். ஒரு செயலி ஒலிக்கத் தொடங்கினால் மற்றது ஒதுங்கிக்கொள்வது ஆண்ட்ராய்டின் நடைமுறை.

மைக்கிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு பாதியில் காணொலி அழைப்பு நடக்கும்போது மறுபாதியில் குரல் பதிவுச் செயலியை ஓட விட்டால், பதிவு நடப்பதுபோலத் தோன்றும், பிறகு கேட்டால் வெறும் மௌனம்தான் இருக்கும். அழைப்பின் தனிமையைக் காக்க ஆண்ட்ராய்டு மைக்கை அழைப்புக்கு மட்டுமே தருகிறது. பதிவு வேண்டுமென்றால் அழைப்புச் செயலியிலேயே, உடன் பேசுபவரிடம் சொல்லிவிட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

கைப்பேசியில் "செயலி இதை ஆதரிக்கவில்லை" என்று வருகிறது. வற்புறுத்தித் திறக்க வழி உண்டா?

பெரிய திரையில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஆண்ட்ராய்டு 12 முதல், 600 `dp`க்கு மேற்பட்ட திரைகளில் செயலி மறுத்தாலும் திரைப் பிரிப்புக்குள் கொண்டுவந்துவிடும், தேவைப்பட்டால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வைத்து நிறுத்தும். கைப்பேசியில் செயலியின் மறுப்புக்கு இன்னும் மதிப்பு உண்டு. `Developer options` பட்டியலில் `Force activities to be resizable` என்பதை இயக்கிக் கருவியை மறுதொடக்கம் செய்தால் பல செயலிகள் இணங்கும். ஆனால் பொத்தான்கள் திரைக்கு வெளியே போய்விடுவது, செயலி தானாக மூடிக்கொள்வது எல்லாம் நடக்கலாம். பணம் செலுத்தும் செயலிகளை இப்படி வற்புறுத்தாதீர்கள். "உறுதி செய்" பொத்தான் மறைந்த பாதித் திரையில் தொகையைச் சரிபார்க்க முடியாது. அந்த ஒரு செயலியை மட்டும் முழுத்திரையில் திறந்து, வேலை முடிந்ததும் அட்டைகளிலிருந்து உங்கள் ஜோடிக்குத் திரும்பிவிடுங்கள்.